ஊருணியில் ‘ஊர்’ யார்? நீர்நிலைப் பெயர்கள் சொல்லும் வரலாறு



சிவகங்கைப் பக்கத்தில், மழையை நம்பிப் பிழைக்கும் சின்னஞ்சிறிய ஊர் எங்களுடையது. அங்கே மூன்று நீர்நிலைகள் இருந்தன. ஊருக்கு மேற்கே கண்மாய். ஊருக்குள், கோவிலுக்குப் பக்கத்தில் ஊருணி. எங்கள் தெருவுக்குக் கிழக்கே, தாழ்ந்த இடத்தில் ஒரு குட்டை. மூன்றிலும் இருந்தது ஒரே மழைத் தண்ணீர்தான். ஆனால் மூன்றுக்கும் மூன்று பெயர். எங்கள் தாத்தா கண்மாயில் நீர்ப்பாய்ச்சியாக இருந்தார். கண்மாய் மடையைத் திறக்கவும் அடைக்கவும் அவருக்கு உரிமை இருந்தது. கடமை என்று சொல்வதே சரி. ஊருணிப் படியில் இறங்க அவருக்கு உரிமை இல்லை. குட்டையைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, அது எங்களுடையது என்பதால்.

‘குளம்’, ‘ஏரி’, ‘ஊருணி’ என்று முடியும் ஊர்ப் பெயர்களை மொழியியல் மாணவர்கள் பட்டியல் போட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டியல்கள் பயனுள்ளவை. ஆனால் பொருள் எழுதும் இடத்தில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ‘நீர்நிலை’ என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்தச் சொற்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை அல்ல. ஒவ்வொன்றும் அந்தத் தண்ணீர் எப்படித் தேங்குகிறது, எதற்காகத் தேங்குகிறது என்பதைச் சொல்கிறது. அதோடு சேர்ந்து வரும் முன்சொல் பல இடங்களில் அது யாருக்காக என்பதையும் சொல்கிறது. இன்று நான் பேச விரும்புவது இந்த இரண்டையும்தான்.

கரை எத்தனை பக்கம்?

ஏரி என்றால் என்ன என்று கேட்டால், கரையை எண்ணிப் பார்க்கச் சொல்வேன். ஏரிக்குக் கரை ஒரு பக்கம்தான். நிலம் சரிந்து இறங்கும் திசைக்குக் குறுக்கே, வளைந்த பிறை வடிவில் மண்ணைக் கொட்டி உயர்த்தியிருப்பார்கள். எதிர்ப்பக்கம் திறந்தே கிடக்கும். மழை பெய்தால் அந்தத் திறந்த பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து தண்ணீர் ஓடிவந்து கரையில் முட்டி நிற்கும். கரையின் அடியில் மதகுகள் இருக்கும். தெற்கே மடை என்பார்கள். மிஞ்சும் தண்ணீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகக் கலிங்கு இருக்கும். எங்கள் வாயில் அது கலுங்கு. கரைக்குக் கீழே, மதகுத் தண்ணீர் பாயும் வயல்களுக்கு ஆயக்கட்டு என்று பெயர். கரை, மதகு, கலிங்கு, ஆயக்கட்டு ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் ஏரி. நெல்லுக்காகக் கட்டப்பட்ட நீர்நிலை அது.

குளம், ஊருணி ஆகியவை வேறு. வட மாவட்டங்களில் குளம் என்றால் தோண்டியது. நான்கு பக்கமும் கரை, கல் படிகள், பக்கத்தில் கோவில். குளிக்க, கைகால் கழுவ, தெப்பம் விட. ஊருணியும் தோண்டியதுதான். ஆனால் அது குடிக்க. தண்ணீர் உள்ளே வர ஒரு வரத்துக்கால் உண்டு; வெளியே பாய்ச்ச மடை கிடையாது. ஊருணியில் குளிக்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, மாட்டை இறக்கக் கூடாது. மாடு இறங்காமல் முள்வேலி போட்டிருப்பார்கள். கலங்கிய தண்ணீர் தெளிய, குடத்தின் உட்புறம் தேற்றாங்கொட்டையை உரசி வைப்பார்கள். ஆக, படியும் வேலியும் இருந்து மடை இல்லையென்றால், வெளியூர்க்காரர்கூட அது ஊருணி என்று சொல்லிவிடலாம்.

குட்டைக்கு இந்த இலக்கணம் எதுவும் தேவையில்லை. பள்ளத்தில் தேங்குவது குட்டை. மண் எடுத்த குழியில் தண்ணீர் நின்றாலும் குட்டைதான். அதற்குப் படியில்லை, பராமரிக்க ஆளில்லை, சித்திரையில் தண்ணீரும் இல்லை.

ஒரே பொருள், மூன்று பெயர்

இனி ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். குளம் தோண்டியது என்று சொன்னேன். திருநெல்வேலித் தோழர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அவர்களுக்குக் குளம் என்றால் ஒரு பக்கம் கரை போட்டு வயலுக்குப் பாய்ச்சும் நீர்நிலை. ஆலங்குளம், சாத்தான்குளம், பெருங்குளம், விளாத்திகுளம் எல்லாம் இந்த வழக்கில் எழுந்த பெயர்கள். ஈழத்தில் வன்னி நிலத்திலும் இதே பொருள்தான். கனகராயன்குளத்தையும் வவுனிக்குளத்தையும் கோவில் தெப்பக்குளம் என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவோம்.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலைப் பக்கத்தில் அதே பொருளின் பெயர் ஏரி. அதில் சிறியது தாங்கல். பழவந்தாங்கல், வேடந்தாங்கல் ஆகிய பெயர்களில் இருப்பது அதுதான். மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம், விருதுநகர் மாவட்டங்களில் அதே பொருளுக்குக் கண்மாய் என்று பெயர். அதில் சிறியது ஏந்தல். மானாமதுரைக்குப் பக்கத்து முத்தனேந்தலில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. தாங்குவது தாங்கல், ஏந்துவது ஏந்தல். இரண்டு வட்டாரத்து உழவர்களும் ஒரே செயலைப் பார்த்து வெவ்வேறு வினைச்சொல்லை எடுத்திருக்கிறார்கள்.

இவற்றில் பழைய பொருளை விடாமல் வைத்திருப்பது தெற்குதான் என்று எனக்குத் தோன்றுகிறது. புறநானூற்றின் 118ஆம் பாட்டில் கபிலர், பாரியின் நாட்டில் உடையப்போகும் ஒரு சிறு குளத்தைப் பற்றிப் பாடுகிறார். அதன் கரையை எட்டாம் நாள் பிறைக்கு ஒப்பிடுகிறார். பாறைகளுக்கும் குன்றுகளுக்கும் நடுவே வளைந்த கரை போட்டுத் தேக்கிய நீர் அது. நாம் ஏரிக்குச் சொன்ன அதே வடிவம். அதைக் கபிலர் குளம் என்றே சொல்கிறார்.

ஒரு ஊர்ப் பெயரைப் படிக்கும்போது முதலில் அது எந்த வட்டாரத்துப் பெயர் என்று கேட்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன். இரண்டாவதாக, பெயரை எங்கே உடைப்பது என்று கவனிக்க வேண்டும். பொன்னேரியில் ஏரி உண்டு. புதுச்சேரியில் இல்லை; அங்கே இருப்பது சேரி. வேளச்சேரிக்குப் பக்கத்தில் பெரிய ஏரி இருப்பதால் பெயரிலும் ஏரி இருக்கிறது என்று சிலர் நினைக்கிறார்கள். கல்வெட்டுகளில் அதன் பெயர் வெளிச்சேரி. உத்திரமேரூரிலும் ஏரி இல்லை, ஊருக்கு ஏரி இருந்தாலும். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்பதன் சுருக்கம் அது.

அந்த உத்திரமேரூரில் சற்று நிற்போம். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, அங்கே ஏரி வாரியம் என்ற குழுவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாகச் சொல்கின்றன. குடவோலை முறை என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். அதில் பெயர் எழுதப்படத் தகுதி என்ன? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஏரியை ஆண்டவர்கள் நிலமும் வேதமும் உள்ளவர்கள். ஏரியில் மண் சுமந்தவர்களுக்கு அந்தக் குடத்தில் ஓலை இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். அதே கல்வெட்டு அந்தப் பிராமண ஊரில் 12 சேரிகள் இருந்ததாகச் சொல்கிறது. அன்று சேரி என்பது யாருடைய தெருவுக்கும் பெயர். பிறகுதான் அது நம் தெருவுக்கு மட்டும் ஆன பெயராகச் சுருங்கியது.

ஊர் உண்பது ஊருணி

ஊர் + உண் + இ. ஊரார் உண்ணும் நீர் என்பதால் ஊருணி. பேச்சில் ஊரணி ஆகிவிட்டது. செக்கானூரணி, பேராவூரணி, கல்லூரணி, ஊரணிபுரம் என்று மதுரையிலிருந்து தஞ்சையின் தெற்கு எல்லை வரை இந்தப் பெயர்கள் பரவிக் கிடக்கின்றன. ஆறு வற்றிய, நிலத்தடியில் உப்பு ஏறிய இந்த நிலத்தில் கிணறு தோண்டினால் பல இடங்களில் குடிக்க முடியாத தண்ணீரே வரும். மழைத் தண்ணீரைத் தேக்கித்தான் வருஷம் முழுதும் குடிக்க வேண்டும். அதனால்தான் ஊருணி அங்கே உயிர்நாடி. அதனால்தான் ஊர்ப் பெயராகவும் ஏறியது.

திருக்குறள் ஒப்புரவறிதல் அதிகாரத்தில், 215ஆம் குறளில் ஊருணி வருகிறது. உலகத்தை நேசிக்கும் பேரறிவாளனின் செல்வம், ஊருணியில் நீர் நிறைந்தது போல என்கிறார் வள்ளுவர். எல்லாருக்கும் பயன்படும் செல்வத்துக்கு அவருக்குக் கிடைத்த சிறந்த உவமை ஊருணிதான். பள்ளியில் இதைப் படித்தபோது எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. வாத்தியாரிடம் கேட்கவில்லை. ஊருணியில் நீர் நிறைந்தால் எங்கள் தெருவுக்கு என்ன?

விடை அந்தச் சொல்லின் முதல் பாதியில் இருக்கிறது. ‘ஊர்’ என்றால் யார்? நம் கிராமங்களில் இன்றும் ‘ஊரும் சேரியும்’ என்றுதான் சொல்கிறார்கள். சேரி ஊருக்குள் அடக்கம் என்றால் அந்த ‘உம்’ தேவையில்லை. இது நேற்று வந்த பிரிவினை அல்ல. இராசராசன் தஞ்சைப் பெரிய கோவிலுக்குக் கொடுத்த ஊர்களின் கல்வெட்டுகளைப் பாருங்கள். ஒவ்வொரு ஊரிலும் வரி இல்லாத நிலங்கள் எவை என்று கணக்கு எழுதியிருக்கிறார்கள். ஊர்நத்தம், கோவில், குளம், வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று தனித்தனியாக வருகின்றன. சில ஊர்களின் கணக்கில் தீண்டாச்சேரி என்ற பெயரே இருக்கிறது. ஊர்நத்தம் வேறு, பறைச்சேரி வேறு. ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நில அளவைக் கணக்கு அது. அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ‘ஊர் உண்பது ஊருணி’ என்ற சொற்பொருளைப் படித்தால், யார் உண்ணக் கூடாது என்பதும் சேர்ந்து படிக்கிறது.

எங்கள் ஊரில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் பாட்டியும் அத்தைமார்களும் ஊருணிக் கரையில், படிக்கு எட்டத் தள்ளிக் குடத்தோடு நிற்பார்கள். தண்ணீர் எடுக்க வரும் பெண்களில் யாராவது மனமிரங்கி, தூக்கிப் பிடித்த குடத்திலிருந்து இவர்கள் குடத்தில் ஊற்ற வேண்டும். “ஆத்தா, ஒரு குடம் ஊத்துங்க தாயி” என்று கேட்க வேண்டும். எங்கள் பாட்டியைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாலும் ‘தாயி’தான். பாட்டியை அந்தப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். சில நாள் ஒரு குடம் கிடைக்கும். சில நாள் பொழுது ஏறும்வரை நின்றுவிட்டுக் குட்டைக்கு வருவார்கள். கோடையில் குட்டையும் வற்றினால், காய்ந்த கண்மாயின் உள்வாயில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் அள்ளி அள்ளிக் குடத்தை நிரப்புவார்கள். கண்மாய் நெல்லுக்கானது, அதில் எங்கள் கை படலாம். ஊருணி வாய்க்கானது, அதில் எங்கள் கை படக் கூடாது. தீண்டாமைக்குத் தண்ணீரின் பயன்பாடு நன்றாகவே தெரிந்திருந்தது.

மடை திறந்த கை

தாத்தா கதைக்கு வருகிறேன். கண்மாய்த் தண்ணீரை வயலுக்கு வயல் பங்கிட்டுப் பாய்ச்சுகிறவருக்கு நீர்ப்பாய்ச்சி, நீர்க்கட்டி, மடைக்குடும்பன் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். அந்த வேலைக்கு எங்கள் பக்கம் நீராணிக்கம் என்று பெயர். பல ஊர்களில் இது பரம்பரையாகத் தலித் குடும்பங்களின் வேலை. இதற்கு அவர்கள் சொல்லும் காரணம் சுவையானது: ஆயக்கட்டில் நிலம் இல்லாதவன்தான் பாரபட்சமில்லாமல் பங்கிடுவான். நிலம் இல்லாமல் வைத்திருந்ததையே ஒரு தகுதியாக்கிவிட்டார்கள்.

அது எளிய வேலை இல்லை. பழைய மடைகளில் கரையிலிருந்து சற்றுத் தள்ளி, கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள் நிற்கும். அவற்றின் அடியில் கல்லில் குடைந்த துளை. அதை அடைக்கக் கட்டை. நிறைந்த கண்மாயில் நீந்திப் போய், மூச்சடக்கி மூழ்கி, அந்தக் கட்டையைத் தூக்க வேண்டும். தூக்கிய நொடியில் துளை தண்ணீரை உறிஞ்சும். கையோ காலோ பக்கத்தில் இருந்தால் ஆளையும் சேர்த்து இழுக்கும். எந்த மடை எந்த வயலுக்கு, எத்தனை நாழிகை, கடைமடைக்குத் தண்ணீர் எப்போது எட்டும் என்பதெல்லாம் தாத்தாவுக்கு மனப்பாடம். ஐப்பசி அடைமழையில் நள்ளிரவில் கரையைச் சுற்றி வந்து, நண்டு வளையில் தண்ணீர் கசிகிறதா என்று காலால் தடவிப் பார்ப்பார். கசிவு தெளிந்த நீராக வந்தால் பயமில்லை, கலங்கலாக வந்தால் கரைக்குள்ளே மண் அரிக்கிறது என்று அர்த்தம். விடிவதற்குள் அடைக்க வேண்டும். கூலி, அறுவடையின்போது களத்தில் ஒவ்வொரு வீட்டிலும் கொடுக்கும் நெல்.

எங்கள் ஊருணிக்கு வரத்துக்கால் கண்மாயிலிருந்துதான் வந்தது. கண்மாய் நிறைந்ததும் முதல் தண்ணீரை ஊருணிக்குத் திருப்ப வேண்டியதும் தாத்தாதான். மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்கி, குப்பையைத் தள்ளி, தண்ணீருக்கு முன்னால் நடந்து ஊருணி வாய் வரை கொண்டுவந்து விடுவார். முழங்கால் வரை அந்தத் தண்ணீரில்தான் நடப்பார். வாய்க்காலில் ஓடும்வரை அவர் கால் பட்ட தண்ணீர் தீட்டில்லை. ஊருணிக்குள் விழுந்து நின்றதும் அது அவர் தொடக் கூடாத தண்ணீர். இதற்கு மேல் தீண்டாமைக்கு ஒரு விளக்கம் எனக்குத் தேவைப்பட்டதில்லை.

கட்டாயத்துக்குச் சட்டமும் இருந்தது. 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தைக் குடிமராமத்துச் சட்டம் என்று அழைப்பார்கள். ஏரிக் கரை உடையும் ஆபத்து வந்தால், உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த உடல்வலுவுள்ள ஆண்களை வேலைக்கு இழுக்க அதிகாரிகளுக்கு அது இடம் கொடுத்தது. குடிமராமத்து என்றதும் ஊர் ஒற்றுமையாகச் சேர்ந்து ஏரியைச் செப்பனிட்ட பொற்காலம் என்று இன்று எழுதுகிறார்கள். மண்வெட்டி யார் கையில் இருந்தது, கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்தது என்று கேட்டுவிட்டு எழுதினால் நல்லது. 2017இல் குடிமராமத்து என்ற அதே பெயரில் தமிழக அரசு ஒரு திட்டம் தொடங்கியபோது, வேலை ஆயக்கட்டு விவசாயிகள் வழியாக நடந்தது. ஆயக்கட்டு உள்ள நீர்நிலைக்குச் சங்கம் உண்டு, சங்கத்தில் நிலம் உள்ளவருக்கு இடம் உண்டு. ஆயக்கட்டே இல்லாத குட்டைக்குக் கேட்க யார்? உத்திரமேரூர்க் கால் வேலி இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

பெயரின் முன்பாதி

இப்போது பெயரின் முன்பாதியைப் பார்ப்போம். நீர்நிலைகளுக்கு முன்னால் மரப்பெயர் வரும், ஆலங்குளம் போல. அளவு வரும், பெரியகுளம் போல. சாதிப் பெயரும் வரும். செட்டி ஊருணி, ஐயர் குளம் என்று கேட்டிருப்பீர்கள். பறையன் குட்டை, பள்ளன் குளம், சக்கிலியன் கிணறு என்ற மாதிரியும் கேட்டிருப்பீர்கள். இரண்டிலும் சாதி இருக்கிறது என்பதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. செட்டி ஊருணி என்றால் பெரும்பாலும் ஒரு செட்டியார் வெட்டிக்கொடுத்தது. அந்தச் சாதிப் பெயர் கொடையாளியின் பெயர். பறையன் குட்டை என்றால் பறையர் வெட்டியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள், அவர்களே வெட்டியிருந்தாலும். அவர்கள் இதோடு நிற்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஒன்றில் சாதி கல்வெட்டு, இன்னொன்றில் சாதி எல்லைக்கல்.

பின்பாதியையும் சேர்த்துப் பாருங்கள். நம் சாதிப் பெயரோடு ‘குட்டை’ சேரும், ‘கிணறு’ சேரும். ‘ஊருணி’ சேர்வது அரிது. நம்மை ஊர் என்று எண்ணாதபோது நம் தண்ணீர் எப்படி ஊருணி ஆகும்?

இந்த எல்லைக்கல்லைப் பிடுங்கத்தான் நம் முன்னோடிகள் சட்டமன்றத்தில் போராடினார்கள். 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச் சாலை, பொது அலுவலகம், கிணறு, குளம் எல்லாவற்றையும் எல்லாரும் பயன்படுத்தலாம் என்று அறிவிக்க வைத்தது. 1938இல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சமூக இயலாமைகளை நீக்கும் சட்டம் வந்தது. இரண்டுக்கும் நடுவே, 1927 மார்ச் 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் மகாடில் சவதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார்.

மகாடு வழக்கில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. சாதி இந்துக்கள் நீதிமன்றத்துக்குப் போய்ச் சொன்ன முக்கியமான வாதம், அது பொதுக்குளமே இல்லை, தனியார் குளம் என்பது. பத்து ஆண்டுகள் இழுத்த வழக்கில், 1937இல் பம்பாய் உயர் நீதிமன்றம் குளம் நகராட்சியுடையது என்றும், தீண்டத்தகாதவர்களை விலக்கும் தொன்மையான வழக்கம் நிரூபிக்கப்படவில்லை என்றும் தீர்ப்பளித்தது. குளத்துக்கு என்ன வகை, அது யார் கணக்கில் இருக்கிறது என்பதே உரிமையைத் தீர்மானித்தது. இன்று அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கிணறு, குளம், படித்துறை என்று பெயர் சொல்லியே பேசுகிறது. அந்தச் சொற்கள் அங்கே சும்மா வரவில்லை.

பெயரை மாற்றும்போது

2025 அக்டோபரில், குடியிருப்பு, தெரு, நீர்நிலை ஆகியவற்றிலிருந்து சாதிப் பெயர்களை நீக்குவதற்கான வழிமுறைகளைத் தமிழக அரசு வெளியிட்டது. நான் அதை வரவேற்கிறேன். பள்ளிச் சான்றிதழில் அந்த முகவரியை எழுதும் பிள்ளையின் கை கூசியதை நானும் அனுபவித்திருக்கிறேன். ஆனால் மாற்றும்போது இரண்டு விஷயங்களில் நாம் கவனமாக இருக்க வேண்டும்.

முதலாவது, பின்பாதி. வருவாய்த் துறையின் பதிவேட்டில் ஒரு புல எண்ணுக்கு எதிரே ஏரி, கண்மாய், ஊருணி, குளம், குட்டை என்று எழுதியிருப்பது வெறும் பெயர் இல்லை; வகை. அந்த நிலம் என்ன பயனுக்கானது என்பதற்கு அது அத்தாட்சி. முன்பாதியை மாற்றும் சாக்கில் பின்பாதி காணாமல் போனால், பத்து வருஷம் கழித்து அந்த இடம் வெறும் தரிசு என்று ஒருவர் வாதாடுவார். சென்னையில் நீளமான ஏரி ஒன்று இருந்தது. அதை வற்றவைத்துத்தான் தியாகராய நகர்ப் பக்கத்தில் மனை போட்டார்கள். இன்று அங்கே ‘லேக் வியூ’ என்று சாலைப் பெயர் இருக்கிறது, பார்க்க ஏரி இல்லை. பணக்காரர் நகரம் ஏரியை மூடினால் அது நகர வளர்ச்சி. ஏழைகள் ஏரிக் கரையில் குடிசை போட்டால், 2007ஆம் ஆண்டின் ஏரிப் பாதுகாப்புச் சட்டப்படி ஆக்கிரமிப்பு.

இரண்டாவது, முன்பாதி. அந்தப் பழைய பெயர் இழிவுதான். ஆனால் பட்டாவும் பத்திரமும் இல்லாத நமக்குச் சில இடங்களில் அது ஒன்றே ஆவணம். பறையன் குட்டை என்று பழைய அளவைப் பதிவில் இருந்தால், அந்தத் தண்ணீரை நாம் புழங்கினோம், அதைச் சுற்றி நாம் குடியிருந்தோம் என்பதற்கு அரசே எழுதிக்கொடுத்த சாட்சி அது. பலகையிலிருந்து பெயரை எடுங்கள். பதிவேட்டில் ‘பழைய பெயர்’ என்ற ஒரு பத்தியில் புல எண்ணோடு அதை வைத்திருங்கள். ஒவ்வொரு கிராமசபையிலும் நாம் கேட்க வேண்டிய கோரிக்கை இது.

மாணவர்களுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். உங்கள் ஊரில் உள்ள நீர்நிலைகளை ஒவ்வொன்றாக எழுதுங்கள். மக்கள் அதை என்ன சொல்லி அழைக்கிறார்கள்? கரை ஒரு பக்கமா, நான்கு பக்கமா? மடை இருக்கிறதா, படி இருக்கிறதா? பதிவேட்டில் என்ன வகை, என்ன புல எண்? பிறகு வயதானவர்களிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். மடையைத் திறந்தது யார்? படியில் இறங்கியது யார்? இரண்டு விடைகளும் ஒரே தெருவைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

இது பழங்கதை என்று யாராவது சொன்னால், 2022 டிசம்பரை நினைவுபடுத்துங்கள். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் குடியிருப்புக்கான குடிநீர்த் தொட்டியில் மனிதக் கழிவு கலந்திருந்தது. நான் இங்கே சொல்ல வருவது அந்தத் தொட்டியைப் பற்றி. ஊருணியின் காலம் முடிந்து, மேல்நிலைத் தொட்டியும் குழாயும் வந்த பிறகும் தலித் குடியிருப்புக்குத் தனித் தொட்டி என்ற ஏற்பாடு நின்றபாடில்லை. தொழில்நுட்பம் மாறியது, ‘ஊரும் சேரியும்’ என்பதில் உள்ள ‘உம்’ மாறவில்லை.

எங்கள் ஊர் ஊருணியில் இப்போது தண்ணீர் எடுப்பவர் யாருமில்லை. வீட்டுக்கு வீடு குழாய் வந்துவிட்டது. போன ஐப்பசியில் போயிருந்தேன். படியில் பாசி. நான் இறங்கிக் கடைசிப் படியில் உட்கார்ந்து காலை நனைத்தேன். தடுக்க ஆளில்லை. அவர்களுக்குத் தேவையில்லாமல் போன பிறகு திறந்துவிடப்பட்ட தண்ணீர் அது. தாத்தாவுக்குக் கிடைத்திருக்க வேண்டியது, அவர்களுக்கும் தேவைப்பட்ட காலத்துத் தண்ணீர்.

ஜெய்பீம்.